நடுக்குழலில் நீர் ஏன் தாழ்கிறது?

ஒரு தாளில் கிடையாக ஒரு குழாயை வரைந்துகொள்ளுங்கள். இடப்பக்கம் அகலமாகத் தொடங்கட்டும். நடுவில் மெல்ல ஒடுங்கி, பிறகு மறுபடி மெல்ல விரிந்து பழைய அகலத்துக்கு வரட்டும். உடுக்கையைப் படுக்கவைத்ததுபோல இருக்கும் அந்தப் படம். இனி அதன் முதுகில் மூன்று கண்ணாடிக் குழல்களைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும்: இடப்பக்க அகலத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வலப்பக்க அகலத்தில் ஒன்று. குழாயின் சுவரில் சிறு துளையிட்டு, அந்தத் துளையின் மேல் குழலைப் பொருத்தியிருக்கிறார்கள். குழல்களின் மேல்வாய் திறந்தே இருக்கிறது.

தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடுகிறது. நடுக்குழலில் நீர் மற்ற இரண்டையும்விட உயர்ந்து நிற்குமா, தாழ்ந்து நிற்குமா?

பிளஸ் ஒன் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் பலத்த குரலில் வரும் பதில் "உயரும்" என்பதுதான். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தேர் பார்க்கப் போன கூட்டம் குறுகலான சந்துக்குள் நுழையும்போது எலும்பு நொறுங்குவதுபோல நெருக்கும். அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்கு நீர் வந்தால் அதுவும் நெருக்கப்படும், நெருக்கினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் மேலே இருக்கும் குழலில் நீர் ஏறும் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் தண்ணீர் இந்தக் கணக்கின்படி நடப்பதில்லை. நடுக்குழலில் நீர் இறங்கித்தான் நிற்கும். அதுவும் சொற்பமாக இல்லை, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்படி இறங்கும்.

ஏன் என்று பார்ப்பதற்கு முன், இதே படத்தை வேறொரு நிலையில் பார்க்க வேண்டும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதை விட்டுவிட்டு நேராக ஓடும் நீருக்குப் போய்விடுகின்றன.

குழாயின் இடமுனை ஒரு தொட்டியோடு இணைந்திருக்கிறது. வலமுனையில் ஒரு வால்வு இருக்கிறது. வால்வை மூடிவிடுங்கள். நீர் அசையாமல் நிற்கிறது. இப்போது மூன்று குழல்களிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும், தொட்டியில் எந்த மட்டமோ அதே மட்டத்தில். இடுப்புக் குழலுக்குத் தனிச் சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை. கட்டட வேலையில் கொத்தனார் இரண்டு சுவர்களின் உயரத்தைச் சரிபார்க்க நீர் நிரப்பிய லெவல் டியூபைப் பிடிப்பது இந்த நம்பிக்கையில்தான். டியூப் நடுவில் கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் இரண்டு முனைகளிலும் மட்டம் ஒன்றுதான்.

ஆக, குறுகல் என்பது தன்னளவில் அழுத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வால்வைத் திறந்து நீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் நடுக்குழல் இறங்குகிறது. காரணத்தை ஓட்டத்தில்தான் தேட வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அகலமான இடத்தில் குழாயின் உள்விட்டம் 10 செ.மீ.; இடுப்பில் 5 செ.மீ. அகலத்தில் நீர் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த இடத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 78.5 சதுர செ.மீ. ஒரு விநாடியில் 50 செ.மீ. நீளத்துக்கு நீர் நகர்வதால், கடந்துபோகும் அளவு 3.9 லிட்டருக்குச் சற்று மேல். பதினைந்து லிட்டர் வாளி நான்கு விநாடிக்குள் நிரம்பிவிடும்.

இந்த 3.9 லிட்டரும் இடுப்பையும் அதே ஒரு விநாடியில் கடந்தாக வேண்டும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது; வழியில் அது தேங்கி நிற்கவும் இடமில்லை. ஆனால் இடுப்பின் விட்டம் பாதி என்பதால் பரப்பு நான்கில் ஒரு பங்குதான் இருக்கிறது. வழி நான்கில் ஒன்றாகிவிட்டால் வேகம் நான்கு மடங்காவதைத் தவிர வேறு வழியே இல்லை. விநாடிக்கு அரை மீட்டர் என்பது இடுப்பில் விநாடிக்கு 2 மீட்டர் ஆகிறது. விட்டம் பாதியானால் வேகம் இருமடங்கு என்று அவசரத்தில் எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஏராளம். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை இங்கே மறக்கக் கூடாது.

கூட்டத்தின் உவமை தோற்பதும் இந்த இடத்தில்தான். குறுகலுக்கு முன்னால் வந்து நின்ற மனிதர்கள் தேங்குகிறார்கள். சந்துக்குள் அவர்கள் நான்கு மடங்கு வேகத்தில் ஓடுவதில்லை. தண்ணீர் ஓடுகிறது.

இனி முக்கியமான கட்டம். குழாயின் நடுக்கோட்டில் போகும் ஒரு கைவிரல் அளவு நீரை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். அகலத்தில் அது அரை மீட்டர் வேகத்தில் போகிறது. ஒடுங்கும் பகுதிக்குள் நுழைந்ததும் வேகம் ஏறுகிறது. இடுப்பை அடையும்போது 2 மீட்டர். நின்ற வண்டியோ ஓடும் வண்டியோ, வேகம் ஏற வேண்டுமானால் யாராவது தள்ள வேண்டும். இந்த விரலளவு நீரை யார் தள்ளுகிறார்கள்? குழாய் கிடையாக இருப்பதால் புவியீர்ப்பு முன்னால் இழுக்காது. உள்ளே மோட்டாரும் இல்லை. அதைச் சுற்றி இருப்பது தண்ணீர் மட்டும்தான். பின்னாலிருக்கும் நீர் முன்பக்கம் தள்ளுகிறது. முன்னாலிருக்கும் நீர் பின்பக்கம் தள்ளுகிறது. வேகம் ஏறுகிறது என்றால் பின்னாலிருந்து வரும் தள்ளு, முன்னாலிருந்து வரும் எதிர்த்தள்ளைவிடப் பெரியது என்றுதானே பொருள்? பின்னால் இருப்பது அகலப் பகுதி. முன்னால் இருப்பது இடுப்பு. ஆகவே அகலத்தில் அழுத்தம் கூடுதல், இடுப்பில் குறைவு.

வேகமாக ஓடுவதால் அழுத்தம் குறைந்துவிடுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது மந்திரம்போல ஒலிக்கும். அழுத்தத்தில் வித்தியாசம் இருப்பதால்தான் நீர் வேகம் பிடிக்கிறது என்று சொல்லும்போதுதான் படம் உயிர் பெறுகிறது.

எவ்வளவு குறையும் என்பதையும் படத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஓடும் நீரின் வேகத்தை ஓர் உயரமாக மாற்றிப் பார்க்கும் வழி ஒன்று உண்டு: அந்த வேகத்தை அடைய ஒரு பொருள் எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும்? வேகம் v என்றால் அந்த உயரம் v²/2g. விநாடிக்கு அரை மீட்டர் வேகத்துக்கு 1.3 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் போதும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்துக்கு 20.4 செ.மீ. வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 19.1 செ.மீ. முதல் குழலில் நீர் குழாயின் மையத்திலிருந்து 60 செ.மீ. உயரத்தில் நின்றால், நடுக்குழலில் அது 40.9 செ.மீ. உயரத்தில்தான் நிற்கும். ஒவ்வொரு துளி நீரும் 19.1 செ.மீ. மேட்டிலிருந்து இறங்கி வேகம் பெற்றதுபோல நடந்துகொள்கிறது. ஆனால் குழாய் ஒரு சென்டிமீட்டர்கூடச் சரியவில்லை. சரிந்தது கண்ணாடிக் குழல்களின் மட்டம்தான்.

கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். உண்மையில் இந்தப் படத்தின் பயனே அதில்தான் இருக்கிறது. வேகம் தெரியாது, மட்டங்கள் மட்டும் தெரியும் என்று வையுங்கள். மட்ட வித்தியாசம் 0.191 மீட்டர். அதை 2g என்கிற 19.62 ஆல் பெருக்கினால் 3.75 கிடைக்கும். இது இரண்டு வேகங்களின் வர்க்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். இடுப்பின் வேகம் அகலத்தின் வேகத்தைப்போல நான்கு மடங்கு. வர்க்கத்தில் 16 மடங்கு. எனவே:

16v² − v² = 15v² = 3.75

v² = 0.25, v விநாடிக்கு 0.5 மீட்டர். குழாயை அறுக்காமல், உள்ளே எதையும் சுழலவிடாமல், ஓர் அளவுகோலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தே எவ்வளவு நீர் போகிறது என்று சொல்லிவிட்டோம்.

சுவரில் துளையிட்டு ஒரு சிறு கண்ணாடிக் குழலை நிறுத்தி, ஓடும் நீரின் அழுத்தத்தைப் பார்க்கலாம் என்று கண்டவர் டேனியல் பெர்னௌலி. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்துக் கணித வம்சத்தைச் சேர்ந்தவர். மருத்துவமும் படித்துப் பட்டம் பெற்றவர். ஓடும் நீரைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சியின் பெரும்பகுதி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நடந்தது. 'ஹைட்ரோடைனமிகா' என்ற நூல் 1738 இல் ஸ்ட்ராஸ்பூர்கில் அச்சானது. இன்று அவர் பெயரால் படிக்கும் சமன்பாட்டை இப்போதைய வடிவத்தில் எழுதிக் காட்டியவர் அவருடைய நண்பர் ஆய்லர்.

குறுகி விரியும் குழாயைத் தனியாக எடுத்துச் சோதித்தவர் இத்தாலியின் ஜியோவானி பத்திஸ்தா வெஞ்சுரி. அவருடைய சோதனைகள் 1797 இல் பாரிஸில் நூலாக வெளிவந்தன. ஆனால் அவர் அதை ஓர் அளவுக் கருவியாக ஆக்கவில்லை. அதற்கு இன்னும் 90 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்ற ஊர். கனெக்டிகட் ஆற்றின் நீரைக் கால்வாய்களில் திருப்பி, காகித ஆலைகளுக்கும் துணி ஆலைகளுக்கும் ஒரு கம்பெனி விற்றுவந்தது. எந்த ஆலை எவ்வளவு நீரை எடுத்தது என்று தெரியாமல் எப்படிப் பணம் வாங்குவது? கம்பெனியின் பொறியாளர் கிளெமென்ஸ் ஹெர்ஷல் குறுகும் குழாயையும் இரண்டு அழுத்தமானிகளையும் சேர்த்து ஓர் அளவுக் கருவி செய்தார். 1887 இல் அதை உலகுக்கு அறிவித்தபோது தன் பெயரை வைக்காமல் வெஞ்சுரியின் பெயரை வைத்தார். வெஞ்சுரி மீட்டர் என்று இன்றும் அழைக்கப்படுவது அதுதான்.

இதே ஹெர்ஷல், பண்டைய ரோமாபுரியின் நீர் வழங்கலைப் பற்றி ஃப்ரான்டினஸ் என்ற அதிகாரி எழுதிய நூலை 1899 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார் என்பது சும்மா நேர்ந்த ஒற்றுமை அல்ல. கி.பி. 97 இல் ரோமின் நீர்ப் பொறுப்பை ஏற்ற ஃப்ரான்டினஸ், யாருக்கு எவ்வளவு நீர் போகிறது என்பதைக் குழாயின் வாய் அகலத்தை வைத்தே கணக்கிட்டார். வேகம் அவருடைய கணக்குப் புத்தகத்தில் இடம்பெறவில்லை. வாய் ஒன்றாக இருந்தாலும் வேகம் இருமடங்கானால் நீரும் இருமடங்கு போகும். வேகத்தைக் கண்ணால் காணத்தக்க ஒரு மட்ட வித்தியாசமாக மாற்றிக் காட்டியதுதான் ஹெர்ஷலின் கருவி செய்த வேலை.

மூன்றாவது குழலை இதுவரை தொடாமலே வைத்திருக்கிறோம். அதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

இடுப்பைத் தாண்டிக் குழாய் விரியும்போது நீர் மறுபடி அரை மீட்டர் வேகத்துக்கு இறங்க வேண்டும். வேகம் இறங்குகிறது என்றால் முன்னாலிருந்து வரும் எதிர்த்தள்ளு இப்போது பெரியது. அதாவது அழுத்தம் மறுபடி ஏறுகிறது. உராய்வே இல்லாத உலகத்தில் மூன்றாவது குழல் முதல் குழலைப்போலச் சரியாக 60 செ.மீ. காட்டும். நிஜக் குழாயில் 57 என்று காட்டலாம். அந்த 3 செ.மீ. திரும்பி வராது. நீர் சுவரோடு உரசியதிலும், விரியும் இடத்தில் சுழித்ததிலும் அது வெப்பமாகக் கரைந்துவிட்டது.

இதை வைத்து ஒரு பழைய குழப்பத்தைத் தீர்க்கலாம். மட்டம் இறங்குவதற்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு: ஒன்று, நீர் வேகம் பிடித்தது, மற்றொன்று, நீர் உராய்வில் இழந்தது. நடுக்குழலை மட்டும் பார்த்தால் எது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. மூன்றாவது குழல் பிரித்துக் காட்டுகிறது. அகலம் திரும்பியதும் எவ்வளவு மட்டம் திரும்பி வந்ததோ அது வேகத்துக்காகக் கொடுத்த கடன். திரும்பாதது செலவு. அகலம் மாறாத நீண்ட குழாயில் நான்கைந்து குழல்களை நட்டால், மட்டங்கள் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும், எங்கேயும் ஏறாது. அங்கே வேகம் மாறவில்லை, எல்லாம் உராய்வுச் செலவுதான். தேர்வில் இப்படி ஒரு படத்தைக் கொடுத்தால், மட்டம் இறங்குகிறது என்பதற்காக வேகம் கூடுகிறது என்று எழுதிவிடக் கூடாது.

அந்த 3 செ.மீ. செலவைக் குறைக்கத்தான் வெஞ்சுரி மீட்டரின் விரியும் பகுதியை நீளமாகச் செய்கிறார்கள். ஒடுங்கும் பக்கம் சட்டென்று ஒடுங்கலாம். சுமார் 20 பாகைக் கோணம்கூட நீருக்குப் பொறுக்கும். விரியும் பக்கம் அப்படி இல்லை. அழுத்தம் ஏறும் திசையில் நீர் போக வேண்டியிருப்பதால், சுவரை ஒட்டிய சோம்பலான நீர் நின்று, திரும்பி, சுழலத் தொடங்கிவிடும். அதனால் அங்கே கோணத்தை ஏழெட்டுப் பாகைக்குள் அடக்குவது வழக்கம். படத்தில் இரண்டு பக்கமும் ஒரே சாய்வாக வரைந்திருந்தால் அது உடுக்கைக்குப் பொருந்தும். நல்ல மீட்டருக்குப் பொருந்தாது.

தோட்டத்து ஹோஸ் பைப்பைப் பற்றி இங்கே யாராவது கேட்பார்கள். வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் பீய்ச்சி அடிக்கிறதே, குறுகலில் அழுத்தம் கூடியதால்தானே? அழுத்தம் கூடியது உண்மை. ஆனால் விரலிடுக்கில் அல்ல, விரலுக்குப் பின்னால், குழாயின் உள்ளே. விரல் அடைத்ததால் ஓட்டம் குறைகிறது. ஓட்டம் குறைந்ததால் நீண்ட குழாயில் உராய்வுச் செலவு குறைகிறது. மிச்சமான அழுத்தம் விரல் வரை வந்து சேர்கிறது. இடுக்கிலிருந்து வெளியே வரும் நீரைச் சுற்றி இருப்பது வெறும் காற்று, அங்கே காற்றின் அழுத்தம்தான். பின்னால் அதிகம், இடுக்கில் குறைவு, நடுவில் நீர் வேகம் பிடிக்கிறது. உடுக்கையின் முதல் பாதியேதான்.

படத்தில் திறந்த குழல்களுக்குப் பதிலாக, பாதரசம் ஊற்றிய U வடிவக் குழல் ஒன்று குழாயின் கீழே தொங்கினால் பலர் தடுமாறிப்போகிறார்கள். அதன் ஒரு கால் அகலத்தோடும் மறுகால் இடுப்போடும் இணைந்திருக்கும். இங்கே இடுப்பின் பக்கக் காலில் பாதரசம் உயர்ந்து நிற்கும். திறந்த குழலில் இடுப்பு தாழ்வு, U குழலில் இடுப்பு உயர்வு. இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: அகலத்தின் கூடுதல் அழுத்தம் தன் பக்கப் பாதரசத்தைக் கீழே அமுக்கி, மறுபக்கம் மேலே ஏற்றிவிடுகிறது. உயரமாக நிற்கும் கால் எதுவோ, அந்தப் பக்கம்தான் அழுத்தம் குறைவு. நம்முடைய 19.1 செ.மீ. நீருக்குப் பாதரசம் ஒன்றரை செ.மீ. தான் காட்டும். 13.6 ஆல் வகுத்தால் விடை பிசகும், 12.6 ஆல் வகுக்க வேண்டும். ஏனென்றால் இரண்டு கால்களிலும் பாதரசத்துக்கு மேல் நிற்பது காற்று அல்ல, தண்ணீர்.

ஆய்வுக்கூடத்தில் மட்டங்கள் கணக்கோடு ஒத்துவராதபோது முதலில் பார்க்க வேண்டியது காற்றுக்குமிழி. கண்ணாடியில் ஒரு குமிழி ஒட்டியிருந்தால் அதன் உயரம் அளவோடு சேர்ந்துவிடும். லெவல் டியூபைச் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்றும் கொத்தனாரின் கவனம் இங்கேயும் வேண்டும். அதை அறிய எளிய வழி, வால்வை மூடிவிட்டுப் பார்ப்பது. நீர் நின்ற பிறகும் மூன்று மட்டங்களும் ஒன்றாக வரவில்லை என்றால் பிசகு குழலில் இருக்கிறது, பெர்னௌலியிடம் இல்லை.

இரண்டாவது, துளை. துளையின் உள்விளிம்பில் பிசிர் இருந்தாலோ, கண்ணாடிக் குழல் சுவரைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலோ அளவு பிசகும். துளை சுவரோடு வழவழப்பாக முடிய வேண்டும்; அப்போதுதான் அது பக்கவாட்டில் உழக்கும் அழுத்தத்தை மட்டும் உணரும். வேண்டுமென்றே குழலை உள்ளே நீட்டி, அதன் வாயை நீர் வரும் திசைக்கு எதிராக வளைத்தால் கதையே வேறு. வந்து மோதும் நீர் அந்த வாயில் நின்றுபோவதால் அதன் வேகமும் உயரமாக மாறிச் சேர்ந்துகொள்ளும். அகலத்தில் 60 உடன் 1.3 சேர்ந்து 61.3 செ.மீ.; இடுப்பில் 40.9 உடன் 20.4 சேர்ந்து அதே 61.3 செ.மீ. ஓட்டத்தின் மொத்தக் கையிருப்பு மாறவில்லை, பங்கு பிரித்த விதம்தான் மாறியது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. இப்படி வளைந்த குழலை 1732 இல் பாரிஸின் செய்ன் ஆற்றில் இறக்கி வேகம் அளந்தவர் ஹென்றி பிதோ. விமானத்தின் வேகத்தை அளக்கும் குழல் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி ஓட்டத்தை இருமடங்காக்கினால் என்ன ஆகும்? தொட்டியை உயர்த்தி, முதல் குழலின் மட்டத்தை அதே 60 செ.மீ. இல் வைத்துக்கொள்கிறோம். அகலத்தில் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். இடுப்பில் 4 மீட்டர். வேகம் இருமடங்கானால் மட்ட வித்தியாசம் நான்கு மடங்கு: 76.5 செ.மீ. அறுபதிலிருந்து எழுபத்தாறரை போனால் மைனஸ் 16.5. நடுக்குழலின் நீர் குழாயின் மையத்துக்கும் கீழே நிற்க வேண்டும்! மேல்நோக்கி நிற்கும் குழலில் அது முடியாது. அந்தக் குழல் காலியாகி, வெளிக்காற்றைக் குழாய்க்குள் இழுக்கத் தொடங்கும். ஓடும் நீரில் குமிழிகள் போவதைப் பார்க்கலாம். அதே குழலைக் கீழே திருப்பி ஒரு டம்ளர் சாயத் தண்ணீரில் விட்டால் சாயம் ஏறி ஓட்டத்தில் கலக்கும்.

தமிழ்நாட்டில் சொட்டு நீர்ப் பாசனம் போட்டிருக்கும் விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி. கரையும் உரத்தைப் பாசன நீரோடு கலக்க அவர்கள் பொருத்தும் பிளாஸ்டிக் கருவிக்குப் பெயரே வெஞ்சுரிதான். உடுக்கை வடிவம், இடுப்பில் ஒரு சிறு டியூப், டியூபின் மறுமுனை உரக்கரைசல் இருக்கும் டிரம்மில். மின்சாரமும் வேண்டாம், தனிப் பம்பும் வேண்டாம்.

அது இழுப்பதற்கு என்ன தேவை என்பதையும் நம் படம் சொல்லிவிடும். மெயின் லைனில் ஒன்றரைக் கிலோ பிரஷர் இருக்கிறது என்றால் அது 15 மீட்டர் உயர நீருக்குச் சமம். இடுப்பில் அந்த 15 மீட்டரும் தீர்ந்து, அதற்கும் கீழே போனால்தான் இழுப்பு பிறக்கும். 15 மீட்டர் உயரத்தை வேகமாக மாற்றினால் விநாடிக்கு 17 மீட்டருக்கு மேல். மணிக்கு 62 கி.மீ., நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம். அவ்வளவு வேகம் வர இடுப்பு மிகக் குறுகலாக இருக்க வேண்டும். வயலுக்குப் போகும் மொத்த நீரையும் அந்தக் குறுகலுக்குள் தள்ள முடியாது. ஆகவே வெஞ்சுரியை மெயின் லைனுக்குப் பக்கத்தில் ஒரு கிளைவழியாகப் பொருத்தி, மெயின் லைனின் வால்வைக் கொஞ்சம் திருகி மூடுகிறார்கள். வால்வுக்கு முன்னால் அழுத்தம் ஏறி, பின்னால் இறங்குகிறது. அந்த வித்தியாசம் வெஞ்சுரி வழியே நீரை விரட்டுகிறது.

"வெஞ்சுரி இழுக்கலை" என்பது வயலில் அடிக்கடி கேட்கும் புகார். மெயின் வால்வை முழுக்கத் திறந்துவைத்திருந்தால் முன்னும் பின்னும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், வெஞ்சுரிக்குள் நீர் ஓடாது. ஓட்டம் இல்லையென்றால் இறக்கமும் இல்லை. மூடிய வால்வோடு தொடங்கினோமே, அதே நிலைதான். வேறொரு சமயம் உரம் ஏறாததோடு டிரம்மில் தண்ணீர் நிரம்பி வழியும். வயலில் ஒன்றிரண்டு பகுதிகளை மூடிவிட்டதால் வெளிப்பக்க அழுத்தம் ஏறி, இடுப்பின் அழுத்தம் காற்றழுத்தத்துக்கு மேலே போய்விட்டது என்பதன் அடையாளம் அது. மேல்நோக்கி நின்ற கண்ணாடிக் குழலில் 40 செ.மீ. ஏறிய அதே நீர், இங்கே டிரம்முக்குள் ஏறுகிறது. இரண்டுமே இல்லாமல், டியூபில் குமிழி குமிழியாக வந்தால் இணைப்பில் எங்கோ காற்றுக் கசிவு இருக்கிறது. இழுப்பு நன்றாக இருக்க உள்வரும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட விலையாகக் கொடுக்க நேரும் என்பதால், பலவீனமான மோட்டாரோடு வெஞ்சுரியைப் பூட்டினால் கடைசி வரிசைச் செடிகளுக்கு நீர் போய்ச் சேராது.

இந்தப் படத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஓட்டம் மிகக் குறைந்தால் அது குருடாகிவிடும்: முதலில் பார்த்த ஓட்டம் பத்தில் ஒன்றானால் மட்ட வித்தியாசம் நூறில் ஒன்றாகி, 19.1 செ.மீ. வெறும் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஓட்டம் மிக அதிகமானால் இடுப்பின் அழுத்தம் இறங்கி இறங்கி, சாதாரண வெப்பநிலையிலேயே நீர் கொதித்து ஆவிக்குமிழிகளாகும். விரியும் பகுதியில் அழுத்தம் திரும்ப ஏறியதும் அந்தக் குமிழிகள் நொறுங்கும். குழாய்க்குள் ஜல்லி உருள்வதுபோலச் சத்தம் கேட்கும். நாளடைவில் உலோகச் சுவரே அரிக்கப்படும். அதற்கு மேல் இடுப்பின் அழுத்தம் இறங்காது, சமன்பாடும் செல்லாது.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தைப் பலகையில் வரையும்போது இரண்டு குழல்களோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவதையும் வரையுங்கள், வலமுனையில் ஒரு வால்வையும் வரையுங்கள். வால்வு மூடியிருக்கும்போது மூன்று மட்டங்களையும் மாணவர்களே குறிக்கட்டும். பிறகு வால்வைத் திறந்து, வாய்பாட்டைச் சொல்வதற்கு முன், அந்த விரலளவு நீரைத் தள்ளுவது யார் என்று கேளுங்கள்.